எச்1பி மனு போட்டாயிற்று, தங்கை இன்னும் ஓபிடியில்: ஆவணியில் என் கல்யாணத்துக்கு வந்து போகலாமா?

மஞ்சக்காட்டுக்_கோபி | மே 6, இரவு 9.40

வணக்கமுங்க. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் எனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். கூடப்பிறந்தது ஒரே தங்கை, அவள் டெக்சாஸில் இருக்கிறாள். போன வருடம் மே மாதம் எம்.எஸ். முடித்தாள், ஜூலையிலிருந்து ஓபிடியில், அதாவது படிப்பு முடித்த மாணவர்களுக்குக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதியில், ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இந்த மார்ச் குலுக்கலில் எச்1பி வேலை வீசாவுக்கு அவள் பெயர் விழுந்துவிட்டது. கம்பெனி ஏப்ரல் 20 வாக்கில் மனுப் போட்டு, ரசீதும் வந்துவிட்டது. ஓபிடிக்கான வேலை அனுமதி அட்டை, ஈஏடி, ஜூலை 10-ல் முடிகிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிற மாணவர் வீசா 2028 வரை செல்லும்.

இப்போது கம்பெனி வக்கீல் "பயணம் வேண்டாம்" என்று ஒரே வரியில் மெயில் போட்டிருக்கிறார், காரணம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவோ வீசா 2028 வரை இருக்கும்போது எவன் தடுப்பான், பிள்ளைக்கு வர மனமில்லை, அதனால்தான் வக்கீலைச் சாக்குச் சொல்கிறாள் என்று வருத்தத்தில் இருக்கிறார். இணைச்சீருக்குக் கூடப்பிறந்தவள் நிற்காமல் மணவறையில் எப்படி உட்காருவது என்று அம்மா தினமும் கேட்கிறார். தங்கை போனில் அழுகிறாள். பத்து நாள் வந்துவிட்டுத் திரும்பினால் உண்மையிலேயே என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உடுமலை_ஐயா | மே 6, இரவு 10.15

தம்பி, பயப்பட வேண்டாம். என் மகன் ஜெர்மனியில் படித்து முடித்து அங்கேயே வேலைக்கு மாறினான். மாணவர் அனுமதியை வேலை அனுமதியாக மாற்ற அவர்கள் ஊர் அயல்நாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த சமயத்தில்தான் அவன் பாட்டி தவறினார். இடைக்காலச் சான்று ஒன்று கொடுத்தார்கள், பழைய அனுமதி தொடர்வதாக அதில் எழுதியிருந்தது. அதை வைத்துக்கொண்டு வந்து காரியம் முடித்து மூன்றாம் வாரம் திரும்பினான், ஒரு கேள்வியும் இல்லை. அமெரிக்காவிலும் இப்படி ஒரு தாள் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

---

கரூர்_தறி | மே 6, இரவு 11.02

நான் அமெரிக்கக் கதையே சொல்கிறேன், என் சொந்த அனுபவம். 2016-ல் எனக்கு மனு நிலுவையில் இருந்தபோது தாத்தா காரியத்துக்காக ஆகஸ்டில் கரூர் வந்தேன். அப்போதும் வக்கீல் இதையேதான் சொன்னார். வந்தேன், நான் இங்கே இருக்கும்போதே மனு அங்கீகாரமாகிவிட்டது, செப்டம்பரில் சென்னையில் பாஸ்போர்ட்டில் வீசா ஒட்டும் ஸ்டாம்பிங் முடித்து அக்டோபர் முதல் வாரம் எச்1பியிலேயே உள்ளே போனேன். ஸ்டேட்டஸ் மாற்றம் ரத்தாகும், அவ்வளவுதான், மனு ரத்தாகாது. வக்கீல்கள் தங்கள் பாதுகாப்புக்குச் சொல்வார்கள். தங்கை தாராளமாக வரட்டும்.

---

நொய்யல்_அக்கா | மே 7, காலை 6.20

தம்பி, டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், முதலில் இதைப் படியுங்கள். நான் ஹியூஸ்டனில் ஒரு குடியேற்ற வக்கீல் அலுவலகத்தில் எட்டு வருடமாக இந்த மனுக்களைத்தான் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வக்கீல் இல்லை, ஆனால் தினமும் பார்க்கும் சங்கதி.

கரூர் அண்ணன் சொன்னது 2016-க்குச் சரி. கம்பெனி அனுப்புகிற அந்த ஒரே உறைக்குள் இரண்டு வேண்டுகோள் இருக்கின்றன. ஒன்று, இந்த வேலைக்கு இந்த ஆளை எச்1பியில் வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள் என்பது. மற்றது, இந்த ஆள் இப்போது நாட்டுக்குள்ளேயே மாணவராக இருக்கிறார், அவரை வெளியே அனுப்பாமல் அக்டோபர் 1 அன்று அப்படியே வேலை நிலைக்கு மாற்றிவிடுங்கள் என்பது. இரண்டாவது வேண்டுகோள் உள்ளே நிற்கிற ஆளுக்குத்தான் செல்லும். அது தீர்ப்பாகும் முன் விமானம் ஏறினால் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். முதல் வேண்டுகோள் உயிரோடு இருக்கும். அண்ணன் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு சென்னையில் ஸ்டாம்பிங் முடித்து உள்ளே போனார். அந்தக் காலத்தில் அதனால் வந்த நட்டம் ஒரு நேர்காணலும் கொஞ்சம் தூக்கமும்தான்.

இப்போது அப்படி இல்லை. 2025 செப்டம்பர் 19-ல் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட பிரகடனம், 21-ம் தேதியிலிருந்து போடப்படும் புது எச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்தது. நம் காசில் கிட்டத்தட்ட தொண்ணூறு லட்சம். உள்ளே இருக்கும் மாணவர்களுக்கும் இது உண்டா என்று ஒரு மாதம் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம், அக்டோபர் 20-ல் குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்தது. நாட்டுக்குள் இருப்பவருக்கு ஸ்டேட்டஸ் மாற்றம் கேட்டு, அது கிடைத்தும்விட்டால் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த மாற்றத்துக்குத் தகுதியில்லை என்று முடிவானால் கட்டணம் உண்டு. தகுதியிழப்புக்கு அவர்களே சொல்லும் உதாரணம், மாற்றம் தீர்ப்பாகும் முன் ஆள் நாட்டை விட்டுக் கிளம்பிவிடுவது.

அதாவது உங்கள் தங்கை எடுக்கும் அந்த ஒரு டிக்கெட், கம்பெனி தலையில் ஒரு லட்சம் டாலரைக் கொண்டுபோய் வைக்கும். ஒரு வருட அனுபவக்காரருக்கு எந்தக் கம்பெனி அதைக் கட்டும்? பெரும்பாலும் மனுவைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள். வக்கீல் ஒரு வரியில் முடித்தது தப்புதான், பெற்றவர்களுக்குக் காரணம் சொன்னால்தானே புரியும். ஆனால் அவர் சொன்ன விஷயம் சரி.

அப்பாவிடம் வீசா விவரத்தை இப்படிச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் வீசா வெளியிலிருந்து வாசலுக்குள் நுழைய மட்டும். உள்ளே எந்த நிலையில், எதுவரை இருக்கலாம் என்பது ஐ-94 என்ற பதிவில் இருக்கிறது. மாற்றம் கேட்டிருப்பது அந்தப் பதிவைத்தான். ஒட்டின வீசா 2028 வரை இருந்தாலும் அதைக் காப்பாற்றாது.

உடுமலை ஐயா, ஜெர்மனியில் நீங்கள் சொன்ன சான்று நிஜமான வசதி. அங்கேயும் அந்தச் சான்றில் எந்தப் பிரிவு குறித்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் திரும்பி வர முடியும். அமெரிக்காவில் இந்தக் கட்டத்துக்கு அப்படி ஒரு தாளே கிடையாதுங்க.

---

கரூர்_தறி | மே 7, காலை 8.45

நொய்யல் அக்கா, பிரகடனம் தெரியும். ஆனால் மனுப் போட்ட தேதியில் அந்தப் பெண் உள்ளேதானே இருந்தாள்? போட்ட அன்று என்ன நிலையோ அதுதானே கணக்கு? அதற்கப்புறம் வெளியே போனால் எப்படிப் புதிதாகக் கட்டணம் வரும்?

---

நொய்யல்_அக்கா | மே 7, காலை 9.10

நியாயமான கேள்விதான் அண்ணா. ஆனால் விளக்கத்தில் அவர்கள் எடுத்துக்கொண்டது தீர்ப்பு நாளை. போடும்போது உள்ளே இருந்து, தீர்ப்புக்கு முன் கிளம்பியவரைத்தான் அந்த உதாரணமே குறிக்கிறது. இதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன, பிரகடனத்துக்கே 12 மாத ஆயுள்தான், நீட்டிக்கவும் செய்யலாம். அடுத்த வருடம் நிலைமை மாறலாம். ஆனால் இந்த ஆகஸ்டில் ஒரு பெண்ணின் வேலையை வைத்துச் சோதித்துப் பார்க்க நான் சொல்ல மாட்டேன்.

---

மஞ்சக்காட்டுக்_கோபி | மே 7, மதியம் 1.30

அக்கா, ரொம்ப நன்றிங்க. அப்பாவை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். ஒரு லட்சம் டாலர் என்றதும் பேச்சே இல்லை, அப்புறம் தங்கைக்கு அவரே போன் போட்டார்.

இரண்டு சந்தேகம். தங்கையிடம் ரசீது மட்டும்தான் இருக்கிறது, மனுவைக் கண்ணால் பார்க்கவில்லை. ஸ்டேட்டஸ் மாற்றம் கேட்டிருக்கிறார்கள் என்று எப்படி உறுதி செய்வது? அடுத்து, அட்டை ஜூலை 10-ல் முடிந்தால் அக்டோபர் 1 வரை வேலை பார்க்கலாமா? அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு ஓபிடியை நீட்டிக்கும் ஸ்டெம் நீட்டிப்புக்கு அவள் போடவில்லை, எச்1பி விழுந்த பிறகு எதற்கு என்று விட்டுவிட்டாளாம்.

---

நொய்யல்_அக்கா | மே 7, இரவு 8.05

முதல் கேள்வி நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்பதே இல்லை. கம்பெனியிடமோ வக்கீலிடமோ ஐ-129 படிவத்தின் நகல் கேட்கச் சொல்லுங்கள். முழுவதும் தராவிட்டாலும் இரண்டாம் பகுதியில் நான்காவது கேள்வி இருக்கும் பக்கம் மட்டும் போதும். என்ன நடவடிக்கை வேண்டும் என்று அங்கே கேட்டிருக்கும். தூதரகத்துக்குத் தெரிவியுங்கள் என்பது முதல் கட்டம், ஆள் உள்ளேயே இருக்கிறார், நிலையை மாற்றுங்கள் என்பது இரண்டாவது கட்டம். இரண்டாவதில் டிக் இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் டிக் விழுந்திருந்தால் அவள் நாட்டை விட்டு நகராமலே இருந்தாலும் கட்டணம் உண்டு, கேப் கேப்பும் கிடையாது. கை தவறி இப்படிப் போட்ட மனுவை நான் பார்த்திருக்கிறேன். மே மாதத்தில் தெரிந்தால் சரிசெய்ய வழி தேடலாம், செப்டம்பரில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது. ஜூலை 10-லிருந்து அக்டோபர் 1 வரையுள்ள அந்த இடைவெளியைத்தான் கேப் கேப் என்கிறோம். ஓபிடி முடிவதற்குள் மனு போய்ச் சேர்ந்து, அதில் ஸ்டேட்டஸ் மாற்றமும் கேட்டிருந்தால், மாணவர் நிலையும் வேலை அனுமதியும் தானாகவே நீளும். முன்பு அக்டோபர் 1 வரைதான் நீண்டது, 2025 ஜனவரி 17 முதல் அடுத்த ஏப்ரல் 1 வரை ஆக்கியிருக்கிறார்கள், அதற்குள் எச்1பி தொடங்கினால் அதுவரை. புது அட்டை எதுவும் வராது. கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலரிடம் ரசீதைக் கொடுத்து, கேப் கேப் குறித்த புது ஐ-20 மாணவர் சான்றை வாங்கிக் கம்பெனியின் மனிதவளத் துறையில் ஜூலை 10-க்கு முன்னால் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாததால் அட்டை முடிந்த மறுநாளே கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிய கம்பெனிகள் உண்டு. சட்டப்படி அனுமதி இருந்தும் தாள் காட்ட முடியாத கஷ்டம்.

ஸ்டெம் நீட்டிப்புக்குப் போடாததுதான் எனக்குக் கோபம் வரும் இடம். கேப் கேப் முழுக்க முழுக்க எச்1பி மனுவைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. மனு நிராகரிக்கப்பட்டாலோ, கம்பெனி திரும்பப் பெற்றாலோ அன்றோடு அறுந்துவிடும். அவளுக்குப் படிப்பின்படி இன்னும் 24 மாதம் ஸ்டெம் ஓபிடி இருக்கிறது. அட்டை முடிவதற்கு 90 நாள் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், ஆகவே இப்போதே போடலாம். ஜூலை 10-க்குள் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் போச்சு. கம்பெனி ஈ-வெரிஃபையில் இருக்க வேண்டும், பயிற்சித் திட்டப் படிவத்தில் மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கே இரண்டு வாரம் ஆகும். நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

---

திருச்செங்கோட்டு_ரிக் | மே 8, காலை 7.30

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் கதையைச் சொன்னால் யாருக்காவது உதவும். நான் நாட்டை விட்டு ஒரு அடி நகரவில்லை, ஆனாலும் மாட்டினேன். முதல் எம்.எஸ். ஓபிடி முடிந்தும் குலுக்கலில் விழவில்லை என்று வேறொரு கல்லூரியில் இரண்டாவது எம்.எஸ். சேர்ந்து, முதல் நாளிலிருந்தே சிபிடியில், அதாவது படிக்கும்போதே பாடத்தோடு சேர்ந்த வேலைக்குத் தரும் அனுமதியில், முழுநேர வேலை பார்த்தேன். எச்1பி விழுந்தது. மனுவுக்குக் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. கடிதத்தில் வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, எல்லாம் என் மாணவர் நிலையைப் பற்றி. வகுப்புக்கு நேரில் போனதற்கு ஆதாரம், மதிப்பெண் பட்டியல், கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், கல்லூரிக்கும் வீட்டுக்கும் எத்தனை தூரம், அந்த வேலை பாடத்திட்டத்தோடு எப்படிச் சேர்ந்தது என்று பத்து வருடத்துக் கணக்கைக் கேட்ட மாதிரி. கல்லூரி இருந்த மாநிலம் வேறு, நான் வேலை பார்த்த மாநிலம் வேறு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வார இறுதியில் பறந்து போய் வகுப்பில் உட்கார்ந்த விமான டிக்கெட்டுகளைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். பதில் போய் ஐந்து வாரமாகிறது. தூக்கம் இல்லை. மனுவை ஏற்று மாற்றத்தை மட்டும் மறுத்தால் எனக்கும் அந்த ஒரு லட்சம் டாலர் வருமா நொய்யல் அக்கா?

---

நொய்யல்_அக்கா | மே 8, காலை 9.00

வரும் தம்பி. பொய் சொல்லித் தேற்ற மாட்டேன். மாணவர் நிலையைச் சரியாகக் காக்கவில்லை என்று முடிவானால் அதுவும் மாற்றத்துக்குத் தகுதியிழப்புதான், விளக்கத்தில் அதையும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வகுப்புக்குப் போன டிக்கெட்டுகள் இருக்கிறதே, அது நல்ல ஆதாரம். பதில் வரும்வரை அந்த ஐ-20-ஐ உயிரோடு வைத்திருங்கள், படிப்பை நிறுத்திவிடாதீர்கள். எச்1பி வரப்போகிறது என்று அடுத்த பருவத்தில் சேராமல் விட்டு, அதனாலேயே கெட்டவர்கள் உண்டு.

---

சிங்காநல்லூர்_குளம் | மே 9, இரவு 10.20

நான் இரண்டு வருடம் முன்பு இதே நிலைமையில் இருந்தவன். கோபி நண்பருக்கு ஒரு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. பிரீமியம் போடச் சொல்லுங்கள். நிலுவையில் இருக்கும் மனுவையே பிரீமியத்துக்கு மாற்றலாம், 15 வேலை நாளில் முடிவு வரும். குடும்பக் காரணத்துக்கு என்றால் அந்தக் கட்டணத்தை மட்டும் பணியாளரே கட்டிக்கொள்ளப் பெரும்பாலான வக்கீல்கள் ஒப்புக்கொள்வார்கள், என் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. ஜூனில் மனுவும் மாற்றமும் சேர்ந்து அங்கீகாரமாகிவிட்டால், ஆகஸ்டில் வந்துவிட்டு அக்டோபர் 1-க்கு முன் மாணவர் வீசாவிலேயே திரும்பலாம். தீர்ப்பாகிவிட்டதால் கைவிட்டதாக ஆகாது. குடியேற்றத் துறையின் இணையதளத்திலேயே கேப் கேப் மாணவர்களுக்கு இப்படி எழுதியிருக்கிறது. நான் அப்படித்தான் ஈரோடு வந்து என் அக்கா கல்யாணத்தில் பந்தி பரிமாறிவிட்டுத் திரும்பினேன்.

---

நொய்யல்_அக்கா | மே 10, காலை 6.45

சிங்காநல்லூர்த் தம்பி சொல்வது உண்மை, இணையதளத்தில் இருக்கிறது. பிரீமியத்தை நானும் சொல்வேன், பயணத்துக்காக இல்லாவிட்டாலும் முடிவு சீக்கிரம் தெரிவதற்காக. ஆனால் ஆகஸ்ட் பயணத்தில் என் மனது ஒப்பவில்லை.

உங்களுக்கு அப்போது அட்டை செல்லுபடியாக இருந்ததா? கோபித் தங்கையின் அட்டை ஜூலை 10-ல் முடிந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் டல்லஸ் விமான நிலையத்தில் அதிகாரி முன் நிற்கும்போது அவள் கையில் இருப்பது முடிந்துபோன அட்டை, கேப் கேப் எழுதிய ஐ-20, அங்கீகாரக் கடிதம், கம்பெனிக் கடிதம். விதி அறிந்த அதிகாரி விட்டுவிடுவார். அறியாதவரோ, நீ வேலைக்கு வருகிறாய், மாணவர் வீசாவில் ஏன் வருகிறாய் என்று கேட்பவரோ வந்தால் தனி அறையில் நாலு மணி நேரம். ஸ்டெம் அட்டை அதற்குள் கைக்கு வந்துவிட்டால் நிலைமை நன்றாகவே மாறும், அப்போது நானும் இவ்வளவு தடுக்க மாட்டேன். ஐ-20-ல் பயணக் கையெழுத்து ஆறு மாதத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று, இதில்தான் வக்கீல்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அவள் திரும்பி நுழைந்ததும் மாணவர் நிலையில் ஒரு புது ஐ-94 பிறக்கும். அங்கீகாரக் கடிதத்தோடு வந்த ஐ-94 அதற்கு முந்தையது. அக்டோபர் 1 அன்று மாற்றம் தானாக நடந்துவிடும் என்று ஒரு தரப்பு, கடைசியாக நடந்ததுதான் செல்லும், ஆகவே மறுபடி திருத்த மனுப் போட வேண்டும் என்று இன்னொரு தரப்பு. எங்கள் அலுவலகத்தில் இரண்டு வக்கீல்கள், இருவரும் எதிரெதிர்.

---

சிங்காநல்லூர்_குளம் | மே 10, காலை 11.30

எனக்கு ஸ்டெம் அட்டை கையில் இருந்தது, அது உண்மை. ஆனால் ஐ-94 விஷயத்தில் நீங்கள் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறீர்கள் அக்கா. அக்டோபரில் எனக்கு எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை, அதற்கப்புறம் சென்னையில் ஸ்டாம்பிங்கும் ஆயிற்று, யாரும் கேட்கவில்லை.

---

நொய்யல்_அக்கா | மே 10, மதியம் 12.05

யாரும் கேட்காததும் சரியாக இருந்ததும் ஒன்றில்லை தம்பி. உங்களுக்கு நடந்தது நல்லது, சந்தோஷம். அவளுக்கும் அப்படியே நடக்கும் என்று என்னால் எழுதித் தர முடியாது.

---

உடுமலை_ஐயா | மே 10, மாலை 5.40

ஜெர்மனியை இதோடு போட்டுக் குழப்பியதற்கு வருந்துகிறேன். ஒன்று கேட்கிறேன். முகூர்த்தத்தையே கார்த்திகைக்குத் தள்ளினால் என்ன? அக்டோபர் 1 தாண்டிவிடும், பெண் வேலை நிலைக்கு மாறியிருப்பாள், அப்புறம் என்ன தடை?

---

நொய்யல்_அக்கா | மே 10, இரவு 9.15

ஐயா, அக்டோபர் 1-க்கு அப்புறம் வெளியே வந்தால் மாற்றம் கெடாது. மாற்றம் கிடைத்த அந்த மனுவை வைத்துப் பின்னால் ஸ்டாம்பிங் போனாலும் ஒரு லட்சம் டாலர் கிடையாது என்று விளக்கத்தில் தெளிவாக இருக்கிறது. தொந்தரவு வேறு இடத்தில். உள்ளேயே நிலை மாறியவர்களின் பாஸ்போர்ட்டில் எச்1பி வீசா ஒட்டியிருக்காது. வெளியே போனால் மாணவர் வீசாவில் திரும்ப முடியாது, அது 2028 வரை இருந்தாலும். சென்னையில் புது வீசா வாங்கித்தான் ஆக வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் எச்1பிக்காரர்களின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். டிசம்பர் நேர்காணலுக்காக ஊருக்கு வந்திருந்தவர்களின் தேதியை அடுத்த மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிவிட்டார்கள். பத்து நாள் விடுப்பில் வந்து பொள்ளாச்சியிலும் பல்லடத்திலும் மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் எங்கள் கட்சிக்காரர்களிலேயே மூன்று பேர். ஒருவருக்கு அங்கே கம்பெனி சம்பளத்தை நிறுத்திவிட்டது, இங்கிருந்து வேலை பார்க்கவும் விடவில்லை. கார்த்திகையில் வருவதென்றால் முதலில் நேர்காணல் தேதி, அப்புறம் டிக்கெட், அப்புறம்தான் முகூர்த்தம்.

---

மஞ்சக்காட்டுக்_கோபி | மே 11, காலை 7.00

பெண் வீட்டில் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள், தேதியை மாற்ற முடியாதுங்க. பிரீமியத்துக்குத் தங்கை இன்று கேட்கிறாள். படிவத்தின் அந்தப் பக்கத்தையும் கேட்டிருக்கிறாள். ஸ்டெம்முக்கு மேலாளரிடம் பேசிவிட்டாள்.

---

டெக்சாஸ்_தங்கச்சி | ஜூன் 12, காலை 8.50

வணக்கம். நான்தான் அந்தத் தங்கை. அண்ணன் காட்டியதிலிருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன், முடிவு தெரிந்ததும் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

நான்காவது கேள்வியில் டிக் சரியான கட்டத்தில் இருந்தது. மே 19-ல் பிரீமியம் போட்டார்கள், கட்டணத்தை நான் கட்டினேன். ஜூன் 8-ல் அங்கீகாரம் வந்தது. நேற்று கடிதம் கைக்கு வந்தது, ஐ-797ஏ, அடியில் அக்டோபர் 1-ல் தொடங்கும் ஐ-94 இருக்கிறது. பி என்று வந்திருந்தால் அந்த அடித்துண்டு இருக்காது என்று இங்கே ஒரு தோழி சொன்னாள், உறையைப் பிரித்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். ஸ்டெம் விண்ணப்பம் மே 28-ல் போய்விட்டது, அட்டை இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் பயணத்தைப் பற்றிக் கம்பெனி வக்கீலிடம் நேரடியாகக் கேட்டேன். இந்தத் தடவை முழுதாகப் பதில் எழுதினார். விதி அனுமதிக்கிறது, ஆனால் திரும்பி வந்த பின் ஐ-94 பிரச்சினை வந்தால் திருத்த மனுவைக் கம்பெனி போடும் என்று உறுதி தர முடியாது என்றார். ஆகவே நான் வரவில்லை. சிங்காநல்லூர் அண்ணா, நீங்கள் சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஜூலையில் ஸ்டெம் அட்டை கையில் இருந்து, கம்பெனியும் துணை நின்றிருந்தால் நான் வந்திருப்பேன்.

அம்மா ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் பேசினார். அப்பா இப்போது ஊரில் எல்லோருக்கும் ஐ-94 பற்றி விளக்குகிறாராம்.

---

நொய்யல்_அக்கா | ஜூன் 12, காலை 9.30

கண்ணு, மனதுக்கு நிறைவாக இருக்கிறது. அந்த அடித்துண்டை நகல் எடுத்து மூன்று இடத்தில் வை. கேப் கேப் ஐ-20 ஜூலை 10-க்கு முன் மனிதவளத் துறைக்குப் போக வேண்டும். அக்டோபர் 1 அன்று ஐ-9 படிவத்தில் உன் வேலை அனுமதியைப் புதுப்பித்து எழுதச் சொல்லு, அவர்களாகச் செய்ய மாட்டார்கள். அதுவரை மெக்சிகோ, கனடா பக்கம் சும்மாகூட எல்லை தாண்டாதே, தோழிகள் நயாகராவின் அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும் என்று கூப்பிடுவார்கள்.

---

கரூர்_தறி | ஜூன் 12, இரவு 9.00

நான் முதலில் வரச் சொன்னவன், என் பேச்சைக் கேட்காதது நல்லதாயிற்று தங்கச்சி. ஒரு சின்ன விஷயம் மட்டும். மாணவர் நிலையில் இருந்தவரை உன் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி பிடித்திருக்க மாட்டார்கள். அக்டோபர் சம்பளத்திலிருந்து 7.65 சதவீதம் குறையும். வாடகை, கல்விக் கடன் தவணை எல்லாம் அதை நினைத்துக் கணக்குப் போட்டுக்கொள். அக்டோபர் 1-க்கு முன்பே தப்பாகப் பிடித்தால் கேட்டுத் திரும்ப வாங்கு.

---

திருச்செங்கோட்டு_ரிக் | ஜூன் 13, காலை 7.15

எனக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன்.

---

மஞ்சக்காட்டுக்_கோபி | ஜூன் 13, இரவு 10.00

எல்லோருக்கும் நன்றிங்க. இணைச்சீருக்குக் காங்கேயத்திலிருந்து சித்தப்பா மகள் நிற்கிறாள், அதுவும் முறைதான் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சேலையைத் தங்கைதான் அங்கிருந்து பணம் அனுப்பி எடுக்கச் சொல்லியிருக்கிறாள். முகூர்த்தம் விடிகாலை ஐந்து மணிக்கு, டெக்சாஸில் முந்தின நாள் மாலை ஆறரை. ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போய்ப் பார்க்க நேரம் சரியாக இருக்கும் என்றாள். மண்டபத்தில் வைஃபை நிற்குமா என்று நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.